பெரியப்பாவின் லுங்கி எரிந்த கதை

பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அவருடைய மகன், எனக்குத் தம்பி முறை, போன் போட்டான். "அண்ணே, வாட்ஸப்ல அனுப்ப ஒரு பத்திரிகை வேணும். பின்னாடி முழுக்கக் கருப்பு. நடுவுல அப்பா மட்டும் நியான் லைட் மாதிரி எரியணும்." நல்ல காரியத்துக்குக் கருப்பா என்று பெரியம்மா கேட்பாரே என்று தோன்றியது. ஆனால் சும்மா இருந்த என்னை அவன் உசுப்பி விட்டுவிட்டான்.

படமும் வந்தது. திண்ணையில் பெரியப்பா, கட்டம் போட்ட லுங்கி, முறுக்கு மீசை, பின்னால் வேப்பமரம். படங்களைத் திருத்தும் ஜிம்ப் மென்பொருளில் திறந்து, `Filters > Edge-Detect > Edge` போய், Sobel முறையை வைத்து ஓகே கொடுத்தேன். வெளிச்சம் சட்டென்று மாறும் இடங்களில் மட்டும் கோடு போட்டு, மிச்சத்தைக் கருப்பாக்கிவிடும் வேலை அது. யார் மாப்பிள்ளை, எது மரம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வேப்பிலை ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டது. லுங்கியின் கட்டங்கள் தெருவிளக்கு மாதிரி எரிந்தன. முகம் இருந்த இடம் தெரியவில்லை. போதாததற்குப் படம் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள் வேறு.

அந்தச் சதுரங்களைப் பார்த்து லுங்கிதான் மரம் வரைக்கும் பரவிவிட்டதோ என்று நினைத்துவிட்டேன். பெரிதாக்கி எண்ணினால் ஒவ்வொன்றும் சரியாக 8 பிக்சல். ஜேபெக் படத்தை 8க்கு 8 துண்டாக வெட்டித்தான் சுருக்கும். வாட்ஸப் அதை இன்னும் அழுத்தியதில், கண்ணுக்குத் தெரியாத துண்டு ஓரங்கள் ஃபில்டருக்குத் தெரிந்துவிட்டன. "டாக்குமென்ட்டா அனுப்புடா" என்று ஒரிஜினலை வாங்கினேன். மரத்தை அழித்து, அகலத்தை 2000 பிக்சலுக்குக் குறைத்தேன். கோடு எடுப்பதற்கு முன்பே 2 பிக்சல் காஸியன் ப்ளர் கொடுத்துப் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கியதில் தோல் சுருக்கமும் தாடி முள்ளும் அடங்கிப் பெரியப்பா தெரிய ஆரம்பித்தார். அதற்கு மேல் ப்ளரைக் கூட்டினால் மீசை கரைகிறது. மீசை போனால் அது பெரியப்பாவே இல்லை.

லுங்கி மட்டும் எதற்கும் அடங்கவில்லை. கறுப்பு பிரஷ்ஷை எடுத்து, வெளிக்கோட்டை விட்டுவிட்டு உள்ளே இருந்த கட்டங்களை எல்லாம் பூசி மூடினேன்.

அடுத்தது ஒளி. கோட்டு லேயரை மூன்று நகல் எடுத்து, ஒன்றுக்கு 4, ஒன்றுக்கு 15, ஒன்றுக்கு 50 பிக்சல் ப்ளர். ப்ளர் ஆகாத கோடு எல்லாவற்றுக்கும் மேலே. எல்லாமே Screen மோடில். அதில் கருப்பு எதையும் மறைக்காது, வெளிச்சம் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று கூடும். போட்டுப் பார்த்தால் நியானைக் காணோம், மார்கழிப் பனிதான் இருந்தது. பின்னணி சாம்பல் பூத்துக் கிடந்தது. கலரின் எண்ணைக் காட்டும் ஸ்பாய்டால் தொட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. முழுக் கருப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 255. நான் கருப்பு என்று நம்பிய இடம் 0 இல்லை, 12. ஒரு லேயரில் 12 கண்ணுக்கே தெரியாது. நான்கும் Screen-இல் கூடினால் 45. நகல்களை எல்லாம் அழித்துவிட்டு, கோட்டு லேயரில் Levels திறந்து, 40க்குக் கீழே இருப்பதெல்லாம் 0 ஆகும்படி கருப்பு முனையை 40க்கு நகர்த்தி, நகல்களை மறுபடி எடுத்தேன். பனி விலகியது.

கலரிலும் ஒரு கூத்து. ப்ளர் செய்வதற்கு முன்பே Colorize-இல் ரோஸ் வைத்தேன், ஒன்றுமே ஆகவில்லை. சுத்த வெள்ளையை அது வெள்ளையாகவே விட்டுவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. ப்ளர் ஆகிக் கோடு சாம்பலான பிறகு கொடுத்தால் கலர் ஏறியது. மேலே இருந்த கூர்மையான கோட்டை வெள்ளையாகவே விட்டேன். நிஜ நியான் குழாயையும் இருட்டில் படம் எடுத்தால் நடுவில் வெளுத்துத்தான் போயிருக்கும், கலர் சுற்றிலும்தான் இருக்கும். அந்த வெள்ளைக் கோட்டுக்கும் ரோஸ் கொடுத்துப் பார்த்தேன், ஸ்கெட்ச் பேனாவில் கிறுக்கியது போல ஆகிவிட்டது.

ராத்திரி ஒரு மணிக்குக் குடும்பக் குழுவில் போட்டேன். காலையில் முதல் பதில் பெரியம்மாவிடமிருந்து, குரல் பதிவாக: "ஏன்டா, இவருக்குக் கரண்டு அடிச்சிருச்சா?"

பெரியப்பா நேரிலேயே கூப்பிட்டார். மீசை பிரமாதம் என்றார். கொஞ்ச நேரம் போனையே உற்றுப் பார்த்தார். அப்புறம் பெரியம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "தம்பி, லுங்கி எங்கடா? வெறுமனே உட்கார்ந்திருக்கிற மாதிரில்ல இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து, பிரஷ்ஷை வெள்ளையாக்கி, ஆறு கட்டம் கையால் வரைந்தேன். மூன்று நகலையும் திரும்ப எடுத்து, ப்ளர் கொடுத்து, கலர் ஏற்றி அனுப்பினேன். தம்பியிடமிருந்து உடனே பதில்: "அண்ணே, மண்டபம் மாறிடுச்சு. வேற அட்ரஸ் போடணும்."