'நான்கு' 'இவர்கு' ஆனபோது: சுயவிபரக் குறிப்பு தன்மையிலா, படர்க்கையிலா?

கண்டியில் நடந்த ஒரு கல்விக் கருத்தரங்குக்குப் பேச்சாளர் குறிப்பு கேட்டிருந்தார்கள். தமிழில் 80 சொல், ஆங்கிலத்தில் 80 சொல். 'நான்' என்று எழுதுவதா, 'இவர்' என்று எழுதுவதா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. லிங்க்ட்இனில் ஏற்கெனவே இருந்த தன்மைக் குறிப்பைச் சுருக்கி அனுப்பியாயிற்று. இங்கே நடந்த முதல் தவறு அதுதான், அது என்னுடையது. அதற்குப் பிறகு நடந்தவை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அனுப்பிய தமிழ்க் குறிப்பின் முதல் இரண்டு வாக்கியங்கள் இவை: "நான் ஹட்டன் கல்வி வலயத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாகப் பணியாற்றி வருகிறேன். நான்கு ஆண்டுகளாகத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு வாசிப்புக் கற்பித்தலில் பயிற்சி அளித்துள்ளேன்."

மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து கோல் வந்தது. "டீச்சர், இது புத்தகத்தில வாறது, 'நான்' சரிவராது. அதை மட்டும்தானே மாத்தணும், நாங்களே மாத்திடுறோம்" என்றார் இலிகிதர். நல்லதென்று விட்டதுதான் இரண்டாவது தவறு. அச்சுக்கு முன் வட்ஸ்அப்பில் வந்த புரூஃபில் இருந்தது இது: "இவர் ஹட்டன் கல்வி வலயத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாகப் பணியாற்றி வருகிறேன். இவர்கு ஆண்டுகளாகத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு வாசிப்புக் கற்பித்தலில் பயிற்சி அளித்துள்ளேன்."

கணினியில் 'நான்' என்பதைத் தேடி, எல்லா இடத்திலும் 'இவர்' என்று ஒரே அடியில் மாற்றியிருக்கிறார்கள். 'நான்கு' என்ற சொல்லுக்குள்ளும் 'நான்' இருக்கிறது. 'நான்காம் தரம்' என்று எழுதியிருந்தால் 'இவர்காம் தரம்' ஆகியிருக்கும். 'என்' என்பதை 'இவரது' என்று மாற்றப் போயிருந்தால் 'என்று', 'என்ற', 'என்பது' எல்லாமே உருக்குலைந்திருக்கும்.

இதில் இலிகிதரை மட்டும் குறை சொல்ல முடியாது. அவர் அன்றாடம் வேலை செய்வது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். பேச்சுச் சிங்களத்தில் 'மம வெட கரனவா', 'எயா வெட கரனவா' என்று ஆள் மாறினாலும் வினை அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் இறந்தகால வினைக்கும் அதே கதைதான். ஆகவே பெயரை மாற்றினால் போதும் என்று தோன்றுகிறது. தமிழில் ஆள் யார் என்பதை வினைமுற்றின் கடைசி அசையும் சேர்ந்தே சொல்கிறது. 'வருகிறேன்' என்பதில் 'நான்' உள்ளே இருக்கிறது. எழுவாயை மட்டும் மாற்றினால் வாக்கியம் இரண்டு ஆட்களைச் சுமக்கிறது.

திருத்திய குறிப்பை அன்றிரவே மின்னஞ்சலில் அனுப்பியும் பழைய கோப்புத்தான் அச்சகத்துக்குப் போயிருந்தது. புரூஃபில் கையெழுத்து வைத்தால்தான் மாற்றுவார்களாம். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்கு பஸ் ஏறி, ஒரு வேலைநாளைக் கொடுத்து, ஆறு வினைமுற்றுகளைத் திருத்திவிட்டு வர வேண்டியதாயிற்று.

தொடக்கத்திலேயே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இது எதுவும் தேவைப்பட்டிருக்காது. இந்தக் குறிப்பை யாருடைய வாய் சொல்லப் போகிறது? மேடையில் அறிவிப்பாளர் வாசிப்பதென்றால், கையேட்டில் ஏற்பாட்டாளர் அறிமுகப்படுத்துவதென்றால், சஞ்சிகை தன் கட்டுரையாளரைப் பற்றிச் சொல்வதென்றால், புத்தகத்தின் பின்அட்டையில் பதிப்பகம் சொல்வதென்றால், படர்க்கை. அங்கே பேசும் குரல் நம்முடையதல்ல. அறிவிப்பாளரிடம் தன்மைக் குறிப்பைக் கொடுத்தால் அவர் மேடையில் நின்றபடி 'வருகிறேன்' என்பதை 'வருகிறார்' என்று மாற்றிக்கொண்டே வாசிக்க வேண்டும். ஒன்றிரண்டு கட்டாயம் தப்பும். சபைக்கு ஒரு கணம் அறிவிப்பாளரே ஆசிரியை ஆகிவிடுவார்.

நம் பெயரில் நாமே திறந்த பக்கம் என்றால் தன்மை. லிங்க்ட்இன் 'About' பகுதி, சொந்த வலைத்தளம், வேலை விண்ணப்பத்தோடு போகும் கடிதம், புலமைப்பரிசில் விண்ணப்பத்தின் தன்விளக்கம் எல்லாம் இந்த வகை. வாசிப்பவருக்கு அதை எழுதியது யார் என்று தெரியும். அங்கே 'இவர் அர்ப்பணிப்போடு பணியாற்றி வருகிறார்' என்று எழுதினால், தமிழில் அது ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக உறுத்தும். காரணம் 'ஆர்' விகுதி. அது படர்க்கை மட்டுமல்ல, மரியாதையும்கூட. 'வருகிறாள்' என்று தன்னைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை, எழுதவும் முடியாது. எனவே தன் பக்கத்தில் தானே படர்க்கையில் எழுதுகிறவர் தனக்குத் தானே மரியாதைப் பன்மை கொடுத்துக்கொள்கிறார். ஆங்கிலக் குறிப்பை அப்படியே தமிழாக்கும்போது பலருக்கு இது கண்ணில் படுவதில்லை.

நிறுவனத்தின் 'எங்கள் குழு' பக்கம் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. அங்கே மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்களோ அப்படியே எழுதுங்கள். எட்டுப் பேர் படர்க்கையில் இருக்க ஒருவர் மட்டும் 'நான்' என்றால் அந்த ஒருவர் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பார். புகைப்படத்தின் கீழ் வரும் இரண்டு வரிக்கோ ஆளே வேண்டாம். 'ஆரம்பப் பிரிவு ஆசிரியை, ஹட்டன். ஆசிரியப் பயிற்றுநர்.' வினையில்லாத வாக்கியம் தமிழுக்கு இயல்பு, அதில் தன்மையும் இல்லை, படர்க்கையும் இல்லை. எங்கே போடுவார்கள் என்று தெரியாதபோதும் இந்த வடிவத்தை அனுப்பலாம். யார் வாசித்தாலும் பழுதில்லை.

தன்மையிலிருந்து படர்க்கைக்கு மாற்றும்போது முதலில் வினைமுற்றுகளைப் பிடியுங்கள். 'நான்' என்று தேடுவதில் பயனில்லை, நல்ல தமிழ்க் குறிப்பில் அது ஓரிரு இடத்தில்தான் இருக்கும். தேடும் பெட்டியில் 'றேன்', 'தேன்', 'னேன்', 'டேன்', 'ளேன்' என்று ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். வருகிறேன், பெற்றேன், முடித்தேன், எழுதினேன், மேற்கொண்டேன், அளித்துள்ளேன் என்று சுயவிபரக் குறிப்பில் வருகிற வினைகள் அநேகமாக இந்த ஐந்தில் அடங்கிவிடும். பிறகு 'எனது', 'என்னுடைய', 'எனக்கு', 'எங்கள்', 'எமது' ஆகியவற்றைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் கையால் மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே அடியில் மாற்றும் பொத்தானைத் தொடாதீர்கள். கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தால் யூனிகோடில் தட்டித் தேடினால் எதுவும் அகப்படாது. அந்தக் கோப்பில் 'நான்' என்பது `ehd;` என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கும். இங்குள்ள அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாமினி இன்னும் உயிரோடு இருக்கிறது, அதனால் கேட்டுக்கொள்வது நல்லது.

விகுதி மாறினாலும் வேலை முடியாது. 'கடந்த வருடம் இங்கு வந்தேன்' என்பது 'வந்தார்' ஆனாலும் அந்த 'இங்கு' எந்த ஊர் என்று வாசகருக்குத் தெரியாது. ஊர்ப் பெயரையும் ஆண்டையும் போட வேண்டும். 'நாங்கள் உருவாக்கிய கையேடு' என்பது யாரோடு சேர்ந்து என்று கேட்கும். தன்மையில் மன்னிக்கப்படுவது படர்க்கையில் ஓட்டையாகத் தெரியும். 'இவர்' என்பதையும் அளந்து போடுங்கள். முதல் வாக்கியத்தில் பெயர், நடுவில் ஒருமுறை 'இவர்', அவ்வளவு போதும். மற்ற வாக்கியங்களை வினைமுற்றே தாங்கும்.

கடைசியாக அச்சுக்குப் போனது இப்படி இருந்தது, முன்னால் பெயர் மட்டும் சேர்ந்தது: "ஹட்டன் கல்வி வலயத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு வாசிப்புக் கற்பித்தலில் நான்கு ஆண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறார். தரம் 1, 2 மாணவர்களுக்கான வாசிப்பு அட்டைகளைத் தமது வகுப்பறையிலேயே உருவாக்கிப் பயன்படுத்தி வருபவர்." முதல் வாக்கியம் வினையில்லாமல் நிற்கிறது, அதனால் 'ஆர்' அடுக்கடுக்காக வரவில்லை. 'அர்ப்பணிப்பு மிக்க', 'சிறந்த' போன்ற சொற்கள் எதுவும் இல்லை. படர்க்கையில் அந்தச் சொற்களை ஏற்பாட்டாளர் சேர்க்கலாம், நாம் எழுதிக் கொடுக்கக் கூடாது. எழுதியது யார் என்று சபையில் பாதிப்பேருக்குத் தெரியும்.

ஆங்கிலப் பக்கத்தில் வேறு இரண்டு பிழைகள் இருந்தன. தமிழில் 'இவர்' ஆணா பெண்ணா என்று காட்டாது. ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்றைப் போட்டாக வேண்டும், அலுவலகம் ஊகித்து 'he' போட்டிருந்தது. தன்மையில் இருந்தவரை இந்தச் சிக்கல் எழவே இல்லை. இரண்டாவது, தலைப்பெழுத்து. நமக்கு முன்னால் நிற்பது தகப்பனார் பெயர், அது குடும்பப் பெயரல்ல. அதை விரித்து எழுதியிருந்ததை ஆங்கிலப் பக்கம் எழுதியவர் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, இரண்டாவது வாக்கியத்திலிருந்து அப்பாவின் பெயரைப் போட்டே எழுதியிருந்தார். அப்பா அந்த வலயத்தில் ஆசிரியை ஆகிவிட்டார். இதைக் கண்டபோது வந்த கோபம் 'இவர்கு'வுக்கு வந்ததைவிட அதிகம்.

ஆகவே இப்போது குறிப்பை அனுப்பும்போது மேலே மூன்று வரி சேர்த்து அனுப்புகிறேன். இது படர்க்கைக் குறிப்பு, மாற்றாமல் பயன்படுத்தவும். இரண்டாம் முறை குறிப்பிடும்போது தலைப்பெழுத்துக்குப் பின் வரும் பெயரைப் போடவும். ஆங்கிலத்தில் 'she', சிங்களத்திலும் பெண்பாற் சொல். 80 சொல்லில் ஒரு படர்க்கைப் பிரதி, நீளமான ஒரு தன்மைப் பிரதி, வினையில்லாத இருவரிப் பிரதி என்று மூன்றும் தனித்தனிக் கோப்பாக, கோப்பின் பெயரிலேயே வகை எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் பதுளையில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குக் கேட்டார்கள். "மேடையில் வாசிப்பீர்களா, புத்தகத்தில் போடுவீர்களா?" என்று திருப்பிக் கேட்டேன். இரண்டும் என்றார்கள். படர்க்கைக் கோப்பு போனது, புரூஃபில் ஒரு எழுத்தும் மாறாமல் திரும்பி வந்தது.