கடையில் தொங்கும் முறுக்கு எத்தனை நாள் தாங்கும்?

மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் ஊரில் நானும் மாமியாரும் முறுக்கு, தட்டை, வடாம் என்று செய்து சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போடுகிறோம். முதன்முதலில் போய்ப் பேசிய மளிகைக் கடை அண்ணாச்சி ஒரு முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார். ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “இது எத்தன நாளும்மா நிக்கும்?” என்றார். “டப்பாவுல ஒரு மாசம் நல்லா இருக்கும் அண்ணாச்சி” என்றேன். “அது உங்க வீட்டு டப்பா. என் கடை வாசல்ல சரமாத் தொங்கும்போது எத்தன நாள் நிக்கும்னு சொல்லு, எடுத்துக்கிறேன்.”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. பாக்கெட் போட்டு விற்க வேண்டுமென்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுத்து, அந்த 14 இலக்க எண்ணோடு செய்த தேதியையும் காலாவதித் தேதியையும் லேபிளில் போட வேண்டும். பதிவுக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பித்துவிடலாம். ஆனால் காலாவதித் தேதியை யாரும் நமக்குச் சொல்லித் தர மாட்டார்கள். நம் எண்ணெய், நம் கவர், நம் ஊர்க் காற்று எல்லாம் சேர்ந்து முடிவு செய்கிற நாள் அது. பக்கத்துக் கம்பெனி லேபிளைப் பார்த்து எழுதுவது சரியே இல்லை.

அதனால் விற்பதற்கு முன்னால் சோதித்துப் பார்த்தோம். ஒரே நாளில் பிழிந்த முறுக்கை மூன்று விதக் கவர்களில் போட்டோம். ஒன்று சாதாரண மெல்லிய கவர், இன்னொன்று இரண்டு அடுக்கு ஒட்டிய தடித்த கண்ணாடிக் கவர், மூன்றாவது உள்பக்கம் அலுமினியம் பூசிய சில்வர் பவுச். ஒவ்வொன்றிலும் ஒரு பகுதி எங்கள் அலமாரியில், ஒரு பகுதி அண்ணாச்சி கடைக்குள் ரேக்கில், மீதி கடை வாசலில் சரமாக. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரு பாக்கெட்டைப் பிரித்து, முதலில் மோந்து பார்ப்பது, அப்புறம் ஒடித்துப் பார்ப்பது, கடைசியாகத் தின்று பார்ப்பது. இந்த வரிசை முக்கியம். பிரித்தவுடன் வருகிற முதல் வாடை அடுத்த நிமிஷம் தெரியாது.

இதில் தெளிவானது, முறுக்கு கெடுவது இரண்டு தனித்தனி வழிகளில் என்பதுதான். ஒன்று நமுத்துப்போவது. ஒடித்தால் சத்தம் வராது, பல்லில் ஒட்டும். அது ஈரத்தின் வேலை. மற்றொன்று சிக்கு வாடை. முறுக்கு மொறுமொறுவென்றே இருக்கும், ஆனால் தொண்டையில் ஒரு காறல் நிற்கும். அது எண்ணெயில் காற்றும் வெளிச்சமும் சூடும் செய்கிற வேலை. நமுத்ததைத் திரும்பச் சூடாக்கி மொறுமொறுப்பாக்கிவிடலாம். சிக்கு வந்ததைத் தூக்கித்தான் போட வேண்டும். வாசலில் வெயில் படத் தொங்கிய கண்ணாடிக் கவர் முறுக்கு நமுக்கவே இல்லை, ஆனால் இரண்டு வாரத்துக்குள் சிக்கு அடித்துவிட்டது. அதே கவர் உள் ரேக்கில் அதற்கு மேலும் ஒரு வாரம் தாங்கியது. மெல்லிய கவர் எங்கே வைத்தாலும் முதலில் நமுத்தது.

சிக்கைப் பற்றிச் சொல்லும்போது எண்ணெய்க் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். பச்சரிசி மாவு 8 கிலோ, வறுத்து அரைத்த உளுந்து மாவு 2 கிலோ போட்டால் எங்களுக்கு முறுக்கு ஏறக்குறைய 12½ கிலோ வருகிறது. மாவிலிருந்த ஈரம் வேகும்போது போய்விடும். அப்படியானால் கூடிய 2½ கிலோவும், போன ஈரத்தின் எடையை ஈடுகட்டியதும் எண்ணெய்தான், அதாவது நாம் விற்கிற முறுக்கில் கால் பங்குக்கு மேல் எண்ணெய்தான். அந்த எண்ணெய் போடும்போதே அரைகுறையாகக் கெட்டிருந்தால் எந்தப் பவுச்சும் காப்பாற்றாது.

சூரியகாந்தி எண்ணெயில் போட்டது பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் சீக்கிரம் சிக்கு வரும். அதில் காற்றோடு சட்டென்று சேர்ந்துகொள்ளும் கொழுப்பு அதிகம். கடலை எண்ணெய் அதைவிடத் தாங்கும், ருசியும் நமக்குப் பழகியது. பாமாயில் இன்னும் அதிக நாள் நிற்கும், பெரிய கம்பெனிகள் அதை விடாமல் பிடித்திருப்பதற்கு விலை மட்டும் காரணமில்லை. நாங்கள் கடலை எண்ணெயில் நின்றோம். ஆனால் முந்தின நாள் மிச்ச எண்ணெயில் புது எண்ணெயை ஊற்றி நிரப்புகிற பழக்கத்துக்கு இடமே கொடுக்கவில்லை. பழைய எண்ணெயில் தொடங்கிவிட்ட கெடுதல் புது எண்ணெயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். எண்ணெய் கறுத்துக் கொழகொழப்பாகி, மேலே நுரை நின்று அடங்காமல் இருந்தால் அதன் காலம் முடிந்தது. இதை எங்கள் மாமியார் கரண்டியில் அள்ளி ஊற்றும்போதே சொல்லிவிடுவார். சொட்டு நூலாக இழுத்து விழுந்தால் “போதும், இறக்கு” என்பார்.

வேகவைப்பதிலும் நாள் கணக்கு இருக்கிறது. முறுக்கைப் போட்டவுடன் எண்ணெயில் சலசலவென்று கிளம்புகிற குமிழி, ஈரம் வெளியே வருவதுதான். அந்தச் சத்தம் நன்றாக அடங்கிய பிறகே எடுக்க வேண்டும். அடுப்பு அதிகமாக எரிந்தால் மேலே சிவந்து உள்ளே ஈரம் நிற்கும். பார்க்கும்போது வெந்தது போலத்தான் இருக்கும், இரண்டாம் நாள் தானாக நமுக்கும். அதனால் ஒவ்வொரு ஈட்டிலும் தடிமனான ஒரு முறுக்கை எடுத்து ஒடித்து நடுவைப் பார்க்கிறோம். ஓரமும் நடுவும் ஒரே நிறமாக, பொலபொலவென்று உதிர வேண்டும். நடுவில் மாவு போல ஒரு வெளிறிய கோடு தெரிந்தால் அந்த ஈட்டைத் திரும்ப மெல்லிய தீயில் போட்டெடுப்போம்.

அடுத்து ஆறவைப்பது. சூடாகக் கட்டினால் கவருக்குள் ஆவி படிந்து வியர்க்கும், அது எல்லாருக்கும் தெரியும். ஆறட்டும் என்று ராத்திரி முழுக்கத் தட்டில் விட்டுவைப்பதும் அதே அளவுக்குக் கெடுதல். எங்கள் பக்கம் காவிரிக் காற்று, ஐப்பசி கார்த்திகையில் உப்பு ஜாடியே நீர் விடும். திறந்து கிடக்கிற முறுக்கு அந்த ஈரத்தைக் குடித்துவிடும். ஓட்டைத் தட்டில் எண்ணெய் வடியவிட்டு, குவியலின் அடியில் கை வைத்துப் பார்த்துச் சூடு தெரியவில்லையென்றால் உடனே மூடி இறுகின தகர டின்னுக்கு மாற்றுகிறோம். அங்கிருந்துதான் பாக்கெட்டுக்குப் போகும். எண்ணெய் உறிஞ்ச செய்தித்தாள் போடுவதில்லை, அச்சு மை பலகாரத்தில் ஏறும்.

பேக்கிங்கில் எல்லாரும் கவரைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் அதிகம் கவலைப்படுவது ஒட்டுகிற வாயைப் பற்றி. முறுக்கைக் கையால் அள்ளிப் போடும்போது கவரின் வாயில் எண்ணெய்ப் பிசுக்கும் பொடியும் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் சீலிங் மிஷினை அழுத்தினால் ஒட்டினது போலவே இருக்கும், ஆனால் மயிரிழை மாதிரி ஒரு வழி விட்டுவிடும். அந்த வழி போதும். இதற்கு நாங்கள் தடித்த அட்டையைக் குழலாகச் சுருட்டிக் கவருக்குள் விட்டு, அதன் வழியாக முறுக்கைப் போட்டுவிட்டுக் குழலை உருவிவிடுகிறோம். வாய் சுத்தமாக இருக்கும். ஒட்டியபின் ஒவ்வொரு கட்டிலும் ஒன்றிரண்டு பாக்கெட்டைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிப் பார்ப்போம். குமிழி வந்தால் அந்தக் கட்டு முழுவதையும் மறுபடி ஒட்டுவது. கவரை மாற்றினால் மிஷினின் சூட்டையும் மாற்ற வேண்டும். மெல்லிய கவருக்கு வைத்த சூடு சில்வர் பவுச்சுக்குப் பத்தாது.

சில்வர் பவுச்தான் ஜெயித்தது. வெளிச்சம் உள்ளே போகாது, ஈரமும் காற்றும் மிகக் குறைவாகவே போகும். நைட்ரஜன் அடைக்கிற வசதி எங்களிடம் இல்லை, அது இல்லாமலேயே வாசல் சரத்தில் தொங்கியது ஆறு வாரம் தாண்டிய பிறகுதான் லேசாக வாடை காட்டியது. ஆனால் ஒரு சிக்கல், வாங்குகிறவருக்கு முறுக்கு தெரியாது. புது ஆளுடைய முறுக்கைப் பார்க்காமல் யார் வாங்குவார்கள்? இதற்கு ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் சில்வர் என்று வருகிற பவுச்சை எடுத்து, கடையில் கண்ணாடிப் பக்கம் உள்புறம் திரும்பியிருக்கும்படி மாட்டச் சொன்னோம். எடுத்துத் திருப்பினால் முறுக்கு தெரியும், வெயில் படுவது சில்வரில். இது முழு சில்வர் அளவுக்குத் தாங்காது, ஒரு மாதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

தேதியை இப்படி வைத்தோம். மிக மோசமான இடத்தில் முதல் வாடை தெரிந்த நாளை எடுத்து, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டோம். அதனால் முழு சில்வருக்கு 30 நாள், ஒரு பக்கக் கண்ணாடிக்கு 20 நாள் என்று அச்சடிக்கிறோம். அதற்குப் பிறகும் நன்றாகவே இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கடைசி நாளில் வாங்கித் தின்கிறவரும் மறுபடி கேட்க வேண்டும், அதற்காகத்தான் அந்தக் கழிவு.

தேதி போட்டால் மட்டும் வேலை தீராது. கடைகளில் புதுச் சரம் முன்னால் தொங்கும், பழையது பின்னால் போய்விடும். சின்ன எழுத்துத் தேதியை ஒவ்வொன்றாகப் படிக்க யாருக்கும் நேரமில்லை. வாரத்துக்கு ஒரு நிறத்தில் பொட்டு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். சரக்குப் போடப் போகும்போது தூரத்திலிருந்தே போன வாரப் பொட்டு தெரியும், அதை முன்னால் இழுத்து மாட்டிவிட்டுத்தான் புதியதைத் தொங்கவிடுவது. ரிட்டர்ன் குறைந்ததில் பவுச்சைவிட இந்தப் பொட்டுக்குத்தான் பங்கு அதிகம் என்பேன்.

வடாமுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அதில் எண்ணெய் இல்லை, சிக்கு வராது, சாதாரணத் தடித்த கவரே போதும். அதற்கு எதிரி பூசணமும் வண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் மேல்பக்கம் ஒரே நாளில் காய்ந்து காட்டும், நடு காய்ந்திருக்காது. ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் வெயில் வேண்டும். அதுவும் போதாமல் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒன்றைப் பொரித்துப் பார்ப்போம். நன்றாகக் காய்ந்தது எண்ணெயில் விழுந்ததும் முழுக்க விரியும், காயாதது நடுவில் விரியாமல் கடினமாக நின்றுவிடும். மொட்டைமாடியிலிருந்து இறக்கிய சூட்டோடு கட்டாமல், நிழலில் ஆறவிட்டு அன்றைக்கே கட்டிவிட வேண்டும். அப்படிக் கட்டியதற்கு ஆறு மாதம் போடுகிறோம். மழைக்காலத்தில் முறுக்கின் அளவைக் குறைத்து வாரம் இரண்டு தடவையாகப் பிரித்துப் போடுகிறோம். அந்த மாதங்களில் கடைகளுக்கு அதிகம் போவது சித்திரையில் காயவைத்த வடாம்தான்.