இருபதாம் தேதிக்கு இடம் விட்ட பயிற்சித் திட்டம்

ஜூன் 1, ஞாயிறு

வரி ஆலோசகர் அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: எந்த நாளில் மூச்சு முட்டும் என்பது மாதப் பிறப்பிலேயே தெரிந்துவிடும். மாதந்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் வணிகர்களுக்கு, விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதியும் வரிக் கணக்கு முடிக்கும் ஜிஎஸ்டிஆர்-3பிக்கு 20ஆம் தேதியும் கடைசி நாள். கீழமாசி வீதி மளிகைக் கடைக்காரர்கள் பலர் பில்களைக் கடைசி இரண்டு நாள்களில்தான் அனுப்புகிறார்கள். ஆகவே நாள்காட்டியில் முதலில் 10, 11, 18, 19, 20 ஆகிய தேதிகளைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் பயிற்சியை எழுதினேன்.

செவ்வாய், வியாழன், ஞாயிறு ஆகிய மூன்று நாள்கள் ஜிம். ஒவ்வொரு முறையும் நாற்பத்தைந்து நிமிடம். பயிற்சியை ‘அ’, ‘ஆ’ என இரண்டாகப் பிரித்திருக்கிறேன். ‘அ’வில் ஸ்குவாட், புஷ்-அப், டம்பெல் ரோ, ‘ஆ’வில் டெட்லிஃப்ட், தோளுக்கு மேல் தூக்கும் பிரஸ், புல்டவுன். எல்லாமே மூன்று செட். மார்புக்கு ஒரு நாள், காலுக்கு ஒரு நாள் என்று பிரித்துத் தரும் அட்டவணையை மாஸ்டர் காட்டினார், நான் ஏற்கவில்லை. அதில் ஒரு நாள் தவறினால் அந்தத் தசைக்கு அடுத்த வாரம்தான் வேலை கிடைக்கும். முழு உடலுக்கும் ஒவ்வொரு முறையும் வேலை இருந்தால், ஒரு நாள் போனாலும் எதுவும் முற்றாக விட்டுப்போவதில்லை.

ஜூன் 6, வெள்ளி

இன்று ஓய்வு. நேற்று டெட்லிஃப்ட் செய்ததில் தொடையின் பின்புறம் இறுகியிருக்கிறது. புதிய பயிற்சிக்குப் பின் வரும் இந்த வலி பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று நாள்களுக்குள் உச்சத்தை எட்டி, பிறகு தானாகத் தணியும். ஒரே தசைக்குக் கடினமான வேலை கொடுக்கும் இரண்டு நாள்களுக்கு நடுவே ஏறக்குறைய நாற்பத்தெட்டு மணி நேரம் விடுவது இதற்காகத்தான். ஓய்வு என்றால் படுத்துக் கிடப்பதும் இல்லை. வெயில் ஏறுமுன் வண்டியூர் கண்மாய்ப் பக்கம் அரை மணி நேரம் நடந்தேன். இறுக்கம் ஓரளவு தளர்ந்தது.

ஜூன் 10, செவ்வாய்

எதிர்பார்த்தபடி இரவு ஒன்பதரைக்குத்தான் அலுவலகத்தை விட்டு இறங்கினேன். சுழித்த தேதிதான் என்றாலும் முடிந்தால் ‘ஆ’ செய்யலாம் என்றிருந்தேன், நடக்கவில்லை. இதற்கு நான் எழுதிவைத்த விதி மிகச் சிறியது: தவறியது எதுவோ அதுவே அடுத்த பயிற்சி. கிழமையைத் துரத்தாமல் வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை ‘ஆ’, ஞாயிற்றுக்கிழமை ‘அ’ என்று வரிசை ஒரு படி நகரும். நாளைய ஓய்வை விழுங்கி ஈடுகட்டவோ, வியாழனன்று இரண்டையும் சேர்த்துச் செய்யவோ இடமில்லை.

ஜூன் 14, சனி

அலுவலகத்தில் இளையவரான தம்பி ஒருவர் இன்று மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றி, பக்கவாட்டில் இறங்கினார். அக்கா கல்யாண வேலையில் மூன்று வாரம் ஜிம் பக்கம் போகாதவர், வியாழனன்று பழைய எடையிலேயே இரு மடங்கு செட் செய்திருக்கிறார். “விட்டதைப் பிடிக்க வேண்டாமாக்கா?” என்று கேட்டார். விட்ட பயிற்சி கடன் அல்லவே, வட்டியோடு கட்டுவதற்கு! மூன்று வாரத்தில் வலு பெரிதாகக் குறைவதில்லை; ஆனால் பழகிய தசைக்கு வலியிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு குறைந்துவிடும். சிறுநீர் கோலா நிறத்தில் போகிறதா என்று முதலில் விசாரித்தேன். அப்படியிருந்தால் தசை சிதைந்திருக்கலாம், அது சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இல்லையென்றார்; நிம்மதி.

அவருக்காக எழுதித் தந்த அளவு இது. ஒரு வாரத்துக்குள் திரும்பினால் அதே எடை. இரண்டு வாரம் ஆகியிருந்தால் பத்தில் ஒரு பங்கு குறைத்து, ஒரு செட்டையும் விட்டுவிட வேண்டும். மூன்று வாரத்தைத் தாண்டினால் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, இரண்டு செட்டோடு தொடங்க வேண்டும். முப்பது கிலோ தூக்கியவர் இருபத்து நான்கில் தொடங்கி, வலி இல்லையென்றால் வாரத்துக்கு இரண்டு கிலோ ஏற்றலாம். காய்ச்சலில் விட்டிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. காய்ச்சல் விட்டு, பசியும் தூக்கமும் சரியான பிறகே எதையும் தொடங்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

நாளை முதல் நெருக்கடி என்பதால் இன்று ‘ஆ’வின் குறும்பயிற்சி: அதே எடை, மூன்று செட்டுக்குப் பதில் ஒன்று, இருபது நிமிடத்தில் முடிந்தது. எடையை விட்டுக்கொடுக்காமல் செட்டைக் குறைத்தால் சில வாரங்களுக்கு வலு தங்கும். எடையைக் குறைத்து நேரத்தை நீட்டினால் அந்த அளவு தங்காது. முந்தைய இரவு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியிருந்தாலும் இதே குறும்பயிற்சிதான்.

ஜூன் 22, ஞாயிறு

வியாழக்கிழமைப் பயிற்சியைத் தவறியதாக எண்ணவில்லை. அது முன்பே சுழித்த தேதி. ஐந்து நாள் இடைவெளி என்பதால் விதிப்படி எடையில் மாற்றமில்லாமல் ‘அ’ செய்தேன். ஸ்குவாட் மூன்றாம் செட்டில் பத்துக்கு எட்டுதான் வந்தது. மறுமுறையும் எட்டிலேயே நின்றால் எடையை ஒரு படி இறக்குவேன். ஜூலைத் தாளில் 10ஆம் தேதி வியாழனிலும் 20ஆம் தேதி ஞாயிறிலும் விழுகின்றன. அந்த ஞாயிற்றுப் பயிற்சியை அடுத்த செவ்வாய்க்கு இப்போதே நகர்த்தி எழுதிவிட்டேன்.