இயர்பீஸில் சத்தம் அடைத்துக் கேட்டபோது

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் அப்பாவுக்கு வேலை. நான் வைத்திருந்த ஐபோன் 11 இப்போது அவரிடம்தான். போன மாதம் யார் கூப்பிட்டாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கிறது என்றார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் காட்டியதும், பார்த்த மாத்திரத்தில் "இயர்பீஸை மாத்திடலாம்" என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். இந்த மாடலில் இயர்பீஸோடு ஒட்டி ஃபேஸ் ஐடிக்கான சென்சார்களும் வருகின்றன. பழையவற்றை அப்படியே எடுத்துப் பொருத்தாமல் மொத்தமாக மாற்றினால் ஃபேஸ் ஐடி போய்விடும்.

ஸ்பீக்கரில் போட்டால் எல்லாரும் தெளிவாகத்தான் பேசினார்கள். அப்படியென்றால் சிக்னலில் குறை இல்லை. வாட்ஸ்அப்பில் வந்த வாய்ஸ் மெசேஜைக் காதில் வைத்துக் கேட்டோம். அப்படி வைத்தால் அது இயர்பீஸ் வழியாக வரும். அதுவும் மங்கல்தான். சத்தத்தைக் கூட்டித்தான் வைத்திருப்பதாக அப்பா சொன்னார். அவர் கூட்டியது பாட்டுக்கான சத்தத்தை. கால் ஓடும்போதே மேல் பட்டனை அழுத்தினால்தான் கால் சத்தம் ஏறும். ஏற்றிப் பார்த்தோம், கொஞ்சம் தேவலை, ஆனால் அடைப்பு போகவில்லை.

அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்தால் திரைக்கு மேலே இருக்கும் மெல்லிய வலை வெள்ளையாக அடைந்திருந்தது. கல் பொடி வியர்வையில் ஊறிக் காய்ந்து உட்கார்ந்துவிட்டது. டெம்பர்ட் கிளாஸின் ஓரம் வேறு வலையின் பாதியை மூடியிருந்தது. முதலில் கிளாஸை உரித்தேன். பிறகு போனைக் கவிழ்த்துப் பிடித்து, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் வலையின் நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்தேன். கவிழ்த்தால்தான் பொடி கீழே விழும். இல்லையென்றால் உள்ளே போகும். ஊசி, ஸ்பிரிட், வாயால் ஊதுவது மூன்றும் கூடாது. ஊதினால் ஈரம் சேர்ந்து பொடி இன்னும் இறுகும். பொறுமையாகத் தேய்க்கத் தேய்க்கக் குரல் திறந்துகொண்டது.

வீட்டுக்குள் சரி, பட்டறையில் மட்டும் இன்னும் சிரமம். Settings > Accessibility > Audio & Visual போய்ப் பார்த்தால் Phone Noise Cancellation அணைந்திருந்தது. காதில் வைத்துப் பேசும்போது சுற்றுச் சத்தத்தைக் குறைக்க அது உதவும். 13 முதல் வந்த ஐபோன்களில் அது கிடையாது. Voice Isolation என்று இன்னொன்று இருக்கிறதே என்று தம்பி கேட்டான். அது நம் குரல் எதிராளிக்குத் தெளிவாகப் போக உதவுவது, நமக்குக் கேட்பதை அது மாற்றாது.

Phone Noise Cancellation-ஐ ஆன் செய்த பிறகு பட்டறை முற்றத்தில் நின்று பேச முடிகிறது. கல் அறுக்கும் மிஷின் பக்கத்தில் எந்த செட்டிங்கும் உதவாது, அங்கே அப்பா வெளியே வந்துதான் பேசுகிறார். புது கிளாஸ் வாங்கும்போது மேலே வலை முழுக்கத் திறந்திருக்கிற மாதிரி பார்த்து வாங்கினோம்.