முழங்கால் பை விழாத களிசான்: நாலு துணி, ஏழு மாதம்

மார்கழி

நிலாவெளியில் இருந்து திருகோணமலை டவுனுக்கு நாளும் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறேன். போய்ச் சேர்ந்தால் பொழுதுசாயும் வரைக்கும் கதிரைதான். அதனால் என் முழங்கால் நாளில் முக்கால்வாசி நேரம் மடங்கியே இருக்கும். இந்த மாரியில் நானே வெட்டித் தைத்த முதல் லினன் களிசான் இரண்டாம் நாளே முழங்காலில் பை விட்டது. நின்றால் முன்பக்கம் இரண்டு கிண்ணம் கவிழ்த்து வைத்ததுபோல் புடைத்து நிற்கிறது. அதே துணியில் மிச்சம் வந்ததில் தைத்த நீளக்கைச் சட்டையிலும் முழங்கையில் அதே புடைப்பு.

எனக்குத் துணி வெட்டப் பழக்கிய தையல்கார ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"தையல்ல பிழை இல்லத் தம்பி. நூலோட்டமும் நேராத்தான் கிடக்கு. துணி நீட்டுப்பட்டுட்டுது, திரும்பி வரேல்ல, அவ்வளவுதான்."

எல்லாத் துணியும் நீட்டுப்படுகிறது. எது திரும்பி வருகிறது, எது வரவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் காலை அளந்தேன். முழங்கால் சில்லுக்கு மேலே 10 சென்டிமீட்டர், கீழே 10 சென்டிமீட்டர் என்று தோலில் பேனாவால் இரண்டு கோடு போட்டேன். நிற்கும்போது கோட்டுக்குக் கோடு 20 சென்டிமீட்டர். கதிரையில் இருந்து, அளவு நாடாவை முழங்காலின் வளைவோடு பிடித்தால் 24. குந்தினால் 27க்கு மேல். சுற்றளவு அவ்வளவு கூடவில்லை, 38இல் இருந்து 42தான். முழங்காலுக்கு வேண்டியது நீளவாக்கில் கூடுதல் துணி.

சாதாரணமாக நெய்த துணி நீளவாக்கில் அப்படி இழுபடாது. பிறகு எப்படி உட்கார முடிகிறது? துணி வழுக்குகிறது. தொடையில் இருந்து கொஞ்சம் இறங்குகிறது, கீழ்மடிப்பு கணுக்காலை விட்டு மேலே ஏறுகிறது. இருக்கும்போது காலுறை தெரிவது அதனால்தான். வழுக்கிக் கொடுத்தது போக மிச்சத்தைத் துணி தானே நீண்டு கொடுக்க வேண்டும். அந்த மிச்சம்தான் பையாகிறது. எங்கள் அப்பாவின் வயதுக்காரர் உட்காருமுன் தொடைப் பக்கம் களிசானை இரண்டு விரலால் சற்று மேலே இழுத்துவிடுவார்கள். மடிப்புக் கலையாமல் இருக்க என்றுதான் நினைத்திருந்தேன். முழங்காலுக்கு வேண்டிய நீளத்தை முன்கூட்டியே கொடுத்துவிடும் வேலை அது.

வியர்த்தால் இந்தக் கணக்குக் குழம்பிவிடும். ஈரத் தோலில் துணி ஒட்டிக்கொள்ளும், வழுக்காது. முழு இழுவையும் முழங்கால் மேல் இருக்கும் ஒரு கையகலத் துணிக்கே வந்துவிடும்.

தை

வீட்டில் ஒரு சோதனை அமைத்தேன். 20 சென்டிமீட்டர் எம்பிராய்டரி வளையத்தில் துணியை இறுக்கி, வாய் சிறிய பழைய பானை மேல் வைத்தேன். நடுவில் வழவழப்பாகத் தேய்த்த ஒரு சிரட்டை. மீன்பிடி வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைப் போட்டு அதை இரண்டு கிலோவாக்கினேன். சிரட்டையின் அடி கிட்டத்தட்ட முழங்காலின் வளைவுதான். மூன்று மணித்தியாலம் வைத்து, எடுத்தவுடன் புடைப்பின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்து, மறுநாள் காலையில் திரும்பவும் அளப்பேன்.

முதல் மூன்று அளவையும் தூக்கி எறிய வேண்டி வந்தது. துணி நீண்டது என்று நினைத்தேன். உண்மையில் அது வளையத்துக்குள் இருந்து நழுவி வந்திருக்கிறது. அதன் பிறகு வளையத்தின் விளிம்போடு பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன். கோடு உள்ளே வந்திருந்தால் அந்த அளவு கணக்கில் இல்லை.

லினனைக் காய்ந்தபடி வைத்தால் 9 மில்லிமீட்டர் புடைப்பு. அதே லினனில் லேசாகத் தண்ணீர் தெளித்து, பாரத்தின் கீழேயே காயவிட்டால் 15. மறுநாளும் 12 நின்றது. இந்த ஒரு சோடி அளவுதான் எனக்கு விளக்கம் தந்தது.

லினன், பருத்தி, விஸ்கோஸ் எல்லாம் செல்லுலோஸ். உள்ளே நீண்ட மூலக்கூறுகள் பக்கத்துப் பக்கத்தில் ஐதரசன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. ஈரம் பட்டால் அந்தப் பிடிகளில் பல விட்டுப்போகும். நார் இழுபட்ட இடத்துக்கு நகரும். காயும்போது புதிய இடத்தில் புதிய பிடி விழும். சட்டைக்குத் தண்ணீர் தெளித்து அயன் பண்ணும்போது நடப்பதும் இதுவே. அயன்பெட்டி துணியைத் தட்டையாகப் பதிக்கிறது, முழங்கால் அதை உருண்டையாகப் பதிக்கிறது. சூடு உடம்பில் இருந்து, ஈரம் வியர்வையில் இருந்து, அழுத்தம் மூன்று மணித்தியால இருக்கையில் இருந்து. பை விழுந்த பருத்திக் களிசானைத் தோய்த்து அயன் பண்ணினால் திரும்பவும் நேராவதும் இதனால்தான். அடுத்த நாள் மத்தியானத்துக்குள் பை மறுபடி வந்துவிடுகிறது.

நார் மட்டும் காரணமில்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி வளைந்து கிடக்கும். இழுத்தால் முதலில் அந்த வளைவு நிமிரும். விட்டதும் திரும்ப வளைய வேண்டும், ஆனால் நூலுக்கு நூல் உராய்வு அதைத் தடுத்து நிறுத்தும். அதனால் துணியை உதறி இரவு முழுக்கத் தொங்கவிட்டாலே புடைப்பில் ஒரு பகுதி குறைகிறது.

பங்குனி

"லைக்ரா போட்ட துணி எடுங்க, முழங்கால் வராது" என்று கடையில் சொன்னார்கள். 98 வீதம் பருத்தி, 2 வீதம் ஸ்பான்டெக்ஸ், அதாவது அவர்கள் சொன்ன லைக்ரா, சாய்வரி நெசவு. ஒரு களிசான் தைத்தேன். முதல் இரண்டு கிழமை நன்றாகவே இருந்தது. பிறகு மெதுவாகப் பை விழத் தொடங்கியது.

துணியைக் கையில் இழுத்துப் பார்த்தபோது விளங்கியது. கரைக்குக் கரை, அதாவது ஊடைப் பக்கம், நன்றாக இழுபடுகிறது. பாவுப் பக்கம் கொஞ்சமும் இல்லை. இழுபடும் துணிகளில் பெரும்பாலும் ஸ்பான்டெக்ஸை ஊடையில்தான் போடுகிறார்கள். களிசான் வெட்டும்போது பாவு காலின் நீளத்துக்கு வரும். ஆக மீள்திறன் காலைச் சுற்றி இருக்கிறது, முழங்கால் கேட்பதோ நீளத்தில். தொடை இறுக்கம் குறையும், குந்த எழும்ப இலகுவாக இருக்கும், அது உண்மை. பைக்கு அது பாதி மருந்துதான். ஈரச் சோதனையில் எடுத்தவுடன் 12 மில்லிமீட்டர், காலையில் 6. ஸ்பான்டெக்ஸ் இழுக்கிறது, சுற்றியுள்ள பருத்தி வரமாட்டேன் என்கிறது.

நான் அதை மிகக் கூடிய சூட்டில் அயன் பண்ணியதும் உதவவில்லை. ஸ்பான்டெக்ஸுக்குச் சூடும் குளோரின் வெளுப்பானும் ஆகாது. முழங்காலில் சின்னச் சின்ன அலை மாதிரித் துணி நெளிந்து, இழுத்துவிட்டால் மெதுவாகத் திரும்பினால் உள்ளே நூல் களைத்துவிட்டது என்று அர்த்தம்.

துணியைக் குறுக்கே திருப்பி வெட்டிப் பார்க்கலாமா என்று ஐயாவிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். "விழுகை கெட்டுப்போகும். அகலமும் காணாது, நீளக் கால் வராது." சரிதான், அந்தத் துணியின் அகலத்தில் என் இடுப்பில் இருந்து கணுக்கால் வரை வைத்து இரண்டு கால் பிடிக்க வழியில்லை.

வைகாசி

கச்சான் காத்துத் தொடங்கிவிட்டது. இந்த முறை 65 வீதம் பாலியெஸ்டர், 35 வீதம் விஸ்கோஸ். இறுக்கமான சாய்வரி, நூல் நன்றாக முறுக்கேறியது. சாய்வரியில் நூல் இரண்டு மூன்று நூலைத் தாண்டித்தான் கீழே இறங்கும். பின்னல் புள்ளிகள் குறைவு, அதனால் நூல் நகர்ந்தாலும் திரும்பி வர இடம் இருக்கிறது. அதற்காகத் தளர்ந்த நெசவு எடுக்கக்கூடாது. விரலால் குறுக்கே தள்ளினால் நூல் விலகி நிற்கும் துணி முழங்காலிலும் விலகியே நிற்கும்.

பாலியெஸ்டர் தண்ணீரைக் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம். அதனால் அந்தப் பிடி விட்டுப் பிடிக்கும் கதை அதில் இல்லை. சிறிய இழுவைக்குக் கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பி வரும். ஈரத்தோடு 7 மில்லிமீட்டர், காலையில் 4. விஸ்கோஸ் பங்கு கூடினால் உடுக்கச் சுகம், பையும் கூடும். முழுப் பாலியெஸ்டர் பை விடுவது குறைவு, ஆனால் நம்முடைய வெயிலில் தோலோடு ஒட்டும்.

உறவுக்காரர் ஒருவர் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த கம்பளி-பாலியெஸ்டர் கலப்பில் ஒரு துண்டு கிடைத்தது. மெல்லியது, வெப்ப நாட்டுக்கென்றே நெய்தது. எடுத்தவுடன் 6, காலையில் 2. கம்பளி நார் உள்ளேயே சுருள் சுருளாக இருப்பதால் வில் மாதிரித் திரும்புகிறது. அதுவும் ஈரத்தில் தளர்ந்துபோகும், ஆனால் குளியலறை நீராவியில் தொங்கவிட்டால் தானே சுருங்கிக்கொள்ளும். ஒரு களிசானுக்குத் துணி காணவில்லை என்பதுதான் கவலை.

இப்போது கடையில் நான் செய்வது ஒன்றுதான். துணியின் ஒரு மூலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, பெருவிரலைப் பாவு நீளவாக்கில் அழுத்தி மெதுவாக முப்பது எண்ணுவேன். கை வியர்த்திருந்தால் இன்னும் நல்லது. விட்டு ஒரு நிமிடம் பார்ப்பேன். குழி அப்படியே நின்றால் வைத்துவிட்டு அடுத்த துணிக்குப் போவேன். சீட்டில் எழுதியிருக்கும் வீதத்தைவிட இந்தப் பெருவிரலை எனக்கு நம்பிக்கை.

ஆனி

பாலியெஸ்டர்-விஸ்கோஸ் களிசானை ஆறு கிழமை உடுத்தாயிற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். புடைப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நின்றபடி பக்கவாட்டில் பார்த்தால் ஒரு மெல்லிய வளைவு. தொங்கவிட்ட மறுநாள் காலையில் அதுவும் மறைகிறது.

லினனையும் விடவில்லை. லினனில் இறுக்கமான வெட்டு வேண்டாம் என்று முடிவெடுத்து, முழங்கால் அகலத்தை, தட்டையாக வைத்து அளந்தபடி, 22இல் இருந்து 25 சென்டிமீட்டராக்கித் திரும்பத் தைத்தேன். அகலம் கூடினால் துணி முழங்காலைத் தொடும் இடம் குறைகிறது, வழுக்க இடம் கிடைக்கிறது. முழங்கை விடயத்தில் இந்த வழி இன்னும் நன்றாக வேலை செய்தது. சட்டைக் கையை இரண்டு விரல் அகலமாக்கியதும் முழங்கைப் புடைப்பு பெரும்பாலும் போய்விட்டது. மேசையில் முழங்கையை ஊன்றி இருக்கிற என் பழக்கத்துக்கு மட்டும் அகலம் ஒன்றும் செய்யவில்லை, அந்த இடம் தேய்ந்தே புடைக்கிறது.

நேற்று லினன் களிசானுக்கு முன்பக்கம் மட்டும் இடுப்பில் இருந்து முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வரை வழவழப்பான லைனிங் வெட்டி வைத்தேன். லைனிங் லினனைவிட ஒரு விரற்கடை கட்டையாக இருந்தால்தான் இழுவையை அது முதலில் தாங்கும். இடுப்புப்பட்டியோடு பிடித்து நூலோட்டிவிட்டேன், கீழ்விளிம்பை ஐயாவிடம் காட்டிவிட்டுத் தைக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு நிலாவெளிக்கும் டவுனுக்கும் இரண்டு கிழமை ஓடிய பிறகு அளவு எழுதுகிறேன்.