ஸ்ட்ராடில் விலையும் ஸ்ட்ரைக் தேர்வும்

நிஃப்டி வார ஆப்ஷன்களை விற்கும் பணியில் சேரும் இளைஞர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது, சந்தை விலைக்கு மிக அருகிலுள்ள ஸ்ட்ரைக்கின், அதாவது ஏடிஎம் ஸ்ட்ராடிலின் விலையைப் பார்த்து எக்ஸ்பைரிக்குள் சந்தை எவ்வளவு நகரும் என்று கணிப்பதைத்தான். ஒரே ஸ்ட்ரைக்கின் கால் விலையையும் புட் விலையையும் கூட்டினால் போதும் என்பதால் எல்லோரும் அதை ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அப்படிக் கிடைக்கும் எண்ணைச் சந்தை தாண்டாத எல்லை என்று எண்ணி, அதே தூரத்தில் ஸ்ட்ரைக்குகளை விற்கத் தொடங்குவதும் அதே வேகத்தில் நடந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகிறது.

கணக்குக்காக ஒரு நிலவரத்தை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பரிலிருந்து நிஃப்டியின் வார எக்ஸ்பைரி செவ்வாய்க்கிழமையில் வருவதால், புதன்கிழமை காலையில் புது வாரத்தின் ஸ்ட்ராடிலை அளப்பது எங்கள் வழக்கம். சந்தை திறந்தவுடன் அளப்பதில்லை. முதல் சில நிமிடங்களில் கடைசி விற்பனை விலை பழையதாக இருக்கக்கூடும் என்பதால், சற்று அடங்கிய பிறகு வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ள எண்ணையே எடுக்கிறோம். ஸ்பாட் 24,835, 24,850 கால் 152 ரூபாய், அதே ஸ்ட்ரைக்கின் புட் 142 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஸ்ட்ராடிலின் விலை 294. கால் புட்டைவிட 10 ரூபாய் கூடுதலாக இருப்பதால், இந்த எக்ஸ்பைரிக்கான முன்னோக்கு விலை 24,860 என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. தூரத்தை ஸ்பாட்டிலிருந்து அளக்காமல் இந்த 24,860இலிருந்து அளக்க வேண்டும். வார ஆப்ஷனில் இந்த வேறுபாடு சிறியதுதான். மாத ஆப்ஷனில் அது ஒரு ஸ்ட்ரைக்குக்கு மேலேயே போய்விடும்.

இனி, 294 என்பது எதைச் சொல்கிறது? எக்ஸ்பைரி அன்று ஸ்ட்ராடிலை வைத்திருப்பவருக்குக் கிடைப்பது, நிஃப்டி முடியும் இடத்துக்கும் 24,850க்கும் இடையிலுள்ள தூரம்; மேலே போனாலும் கீழே போனாலும் அதே கணக்குத்தான். ஆகவே அதன் நியாயமான விலை, அந்தத் தூரத்தின் சராசரியாகத்தான் இருக்க முடியும். சராசரி என்றால் அதைவிடக் குறைவாக நகரும் வாரங்களும் உண்டு, அதிகமாக நகரும் வாரங்களும் உண்டு. நகர்வுகள் மணிவடிவப் பரவலில் அமைகின்றன என்று கொண்டால், சராசரித் தூரம் ஒரு திட்டவிலக்கத்தில் ஏறத்தாழ 0.8 பங்கு, எனவே 294ஐ 1.25ஆல் பெருக்கினால் ஒரு திட்டவிலக்கம் 368 புள்ளிகள் என்று கிடைக்கும். 294 புள்ளிகளுக்குள் எக்ஸ்பைரி முடிவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 58தான். 368க்குள் முடிவதற்கான வாய்ப்பு 68. பலரும் முதல் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது வாய்ப்பை எதிர்பார்க்கிறார்கள் என்பதே என் அனுபவம்.

ஸ்ட்ரைக் தேர்வில் இது எப்படி வெளிப்படுகிறது என்று பார்ப்போம். ஸ்ட்ராடில் தூரத்திலேயே, கீழே ஒரு புட்டும் மேலே ஒரு காலுமாக ஸ்ட்ராங்கிள் விற்பதானால் 24,550 புட்டும் 25,150 காலும் வரும். இறக்கத்துக்கான அச்சம் எப்போதும் விலையில் ஏறியிருப்பதால், ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்தும் புட் 50 ரூபாய்க்கும் கால் 38 ரூபாய்க்கும் போவது இயல்பு. விற்றுப் பெற்ற 88 ரூபாயையும் சேர்த்துப் பார்த்தால் நட்டம் தொடங்கும் இடங்கள் 24,462, 25,238. அதாவது ஒரு திட்டவிலக்க எல்லையைச் சற்றே தாண்டி. எக்ஸ்பைரி வரை எதையும் தொடாமல் வைத்திருக்க முடிந்தவருக்கு இது மோசமான இடமன்று. ஆனால் அப்படி வைத்திருக்க முடிந்தவர் யார் என்பதே கேள்வி.

ஏனெனில் ஸ்ட்ராடிலின் விலை கடைசி இடத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அங்கே போகும் வழியைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்வதில்லை. 25,150க்கு மேல் எக்ஸ்பைரி முடிய நூற்றுக்கு 21 வாய்ப்பு இருக்கிறது என்றால், இடையில் ஒரு தடவையாவது அந்த விலையைத் தொடுவதற்கான வாய்ப்பு அதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. தொட்ட பிறகு அங்கிருந்து மேலே போவதும் கீழே திரும்புவதும் சம வாய்ப்பு என்பதுதான் காரணம். ஸ்ட்ரைக்கைத் தொட்டவுடன் வெளியேறும் விதியை வைத்திருப்பவர், 21ஐ அல்ல, 42ஐத்தான் தன் எண்ணாகக் கொள்ள வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது 2024 மக்களவைத் தேர்தல் முடிவு வந்த வாரத்தை. ஜூன் 3 அன்று நிஃப்டி 23,263.90இல் முடிந்தது. மறுநாள், வாக்கு எண்ணிக்கையின்போது, 1,379 புள்ளிகள் சரிந்து 21,884.50இல் முடிந்தது, இடையில் 21,300க்கும் கீழே போய் வந்தது. அப்போது வார எக்ஸ்பைரி வியாழக்கிழமை. ஜூன் 6 அன்று நிஃப்டி முடிந்த இடம் 22,821.40. எக்ஸ்பைரிக் கணக்கில் மூன்று நாள் நகர்வு வெறும் 442 புள்ளிகள். தேர்தலுக்கு முன் உப்பிப்போயிருந்த விலைகளில் ஆயிரம் புள்ளிகளுக்குக் கீழே விற்ற ஒரு புட் வியாழனன்று மதிப்பில்லாமல் முடிந்திருக்கும். செவ்வாய் மதியம் அதே புட் மார்ஜின் அழைப்பையும் கட்டாய வெளியேற்றத்தையும் கொண்டுவந்திருக்கும். காப்புக்காக இன்னும் கீழே ஒரு புட்டை, அதாவது சிறகை, வாங்காமல் புட் விற்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. இந்த மூன்று நாள் விலைகளைக் காட்டுவேன்.

எனவே எங்கள் மேசையில் ஸ்ட்ராடில் எண்ணை இரண்டு வேலைகளுக்குத் தனித்தனியாகப் பயன்படுத்துகிறோம். விற்கும் ஸ்ட்ரைக்கை 1.25 மடங்கிலிருந்து தொடங்குகிறோம்; மேலே சொன்ன நிலவரத்தில் அது 24,500 புட், 25,250 கால். பிரீமியம் குறையும், அதைப் பற்றிப் புகாரும் வரும். காப்புக்காக வாங்கும் ஸ்ட்ரைக்கின் இடத்தை ஸ்ட்ராடில் தீர்மானிப்பதில்லை; அதை நிர்ணயிப்பது நாங்கள் இழக்கத் தயாராக உள்ள தொகைதான். பெரிய சரிவுகள் மணிவடிவப் பரவல் சொல்வதைவிட அடிக்கடி வருகின்றன என்பதால், இன்னொரு 1.25 மடங்கு தள்ளி வாங்கினால் பாதுகாப்பு என்று கணக்குப் போடுவதில் அர்த்தமில்லை.

மற்றொன்று, புதன்கிழமை அளந்த எண் வெள்ளிக்கிழமைக்கு உதவாது. ஸ்ட்ராடில் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றிக் கரைகிறது. நாள்காட்டி நாட்களை வைத்து ஆறு நாள் நான்காகும்போது 294 என்பது 240 ஆக வேண்டும். வர்த்தக நாட்களை மட்டும் எண்ணி ஐந்து மூன்றாகும்போது 228. வார இறுதி இடையில் வருவதால் சந்தை விலை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். நிஃப்டி அதே இடத்தில் இருக்க, வெள்ளி காலையில் புது ஏடிஎம் ஸ்ட்ராடில் 270 என்று காட்டினால், யாரோ எதற்காகவோ பணம் கொடுத்துக் காத்திருக்கிறார்கள் என்று பொருள்: ரிசர்வ் வங்கியின் அறிவிப்பு, பெரிய நிறுவனத்தின் காலாண்டு முடிவு, வார இறுதியில் வரக்கூடிய அரசியல் செய்தி. காரணம் தெரிந்தால் 270ஐ வைத்து ஸ்ட்ரைக்குகளை இன்னும் தள்ளிப் போடுகிறோம். தெரியாவிட்டால், கூடுதலாகக் கிடைக்கும் அந்த 30 ரூபாய் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், அன்று புதிதாக எதையும் விற்பதில்லை.