பல் பிடுங்கிய அன்று ஸ்ட்ரா வேண்டாம்

போன வாரம் அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். ஜெயநகரிலிருந்து வரும் வழியில் இளநீர் வாங்கினேன், கடைக்காரர் வழக்கம்போல ஸ்ட்ரா நீட்டினார், வேண்டாமென்று பாட்டிலில் ஊற்றி வாங்கி, வாய் மரப்பு போனதும் டம்ளரில் கொடுத்தேன். ஸ்ட்ராவில் உறிஞ்சினால் பல் குழியை மூடியிருக்கும் ரத்தக்கட்டி பெயர்ந்துவிடலாம். அப்படிப் பெயர்ந்தால் உள்ளே எலும்பு திறந்துவிடும், குறைய வேண்டிய வலி இரண்டாம் மூன்றாம் நாளில் கூடி காதுவரை ஏறும், வாயும் நாறும். அப்போது மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவும் கூடாது.

அன்று ராத்திரி நன்றாக ஆறிய ராகிக் கஞ்சியில் மோர் விட்டுக் கொடுத்தேன். மறுநாள் குழைந்த பருப்பு சாதம், தயிர் சாதம், அதுவும் தாளிக்காமல், கடுகு குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால். ரவை உப்புமா கேட்டார், மனசு கேட்கவில்லை, ஆனாலும் தரவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு கன்னட அக்கா ராகி முத்தே, அதாவது ராகிக் களி உருண்டை, கொண்டு வந்தார். மெல்லாமல் விழுங்குகிற சாப்பாடு அல்லவா! ஆறவைத்து, சின்னச் சின்ன உருண்டையாகக் காரமில்லாத பருப்புச் சாற்றில் தோய்த்துக் கொடுத்தேன், அம்மா மறுபக்கமாகவே விழுங்கி, அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டார்.